பதிப்பாசிரியர் கண்ணுக்கு மட்டும்: ரகசியக் குறிப்பின் பயனும் கேடும்

ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பிட்டுத் தருபவர் தம் அறிக்கையை இரண்டு பகுதிகளாக எழுதுகிறார். முதல் பகுதி கட்டுரையாளருக்குப் போய்ச் சேரும். இரண்டாவது பகுதியைப் பதிப்பாசிரியர் மட்டுமே படிப்பார். அப்படி ஒன்று எழுதப்பட்டது என்பதே கட்டுரையாளருக்குத் தெரியாமல் போகலாம். நம்பத்தகாத கட்டுரை ஒன்று கையில் வரும்போது இந்த இரண்டாம் பகுதி மதிப்பீட்டாளருக்குப் பெரிய துணையாகவும் இருக்கிறது, பெரிய சபலமாகவும் இருக்கிறது.

திருப்பூர்ச் சாயக்கழிவுநீரைப் பற்றிய ஆய்வுகளை வைத்து இதை எடைபோடுவது பொருத்தம். பனியன் துணிக்குச் சாயமேற்றிய நீரை மலிவான கரியால் சுத்தம் செய்யலாமா என்ற கேள்வி கொங்குப் பகுதிக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக ஆய்வுத் தலைப்பாக இருந்து வருகிறது. எழுதுபவரும் மதிப்பிடுபவரும் பல நேரம் ஒரே வட்டாரத்தினர். ஒருவரையொருவர் கருத்தரங்கில் பார்த்திருப்பார்கள். ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆலோசனை சொல்லியிருப்பார்கள். ரகசியக் குறிப்பின் நன்மை தீமை இரண்டும் இப்படிப்பட்ட சிறிய வட்டாரத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

ஒரு மாதிரிக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தனி ஆய்வையும் குறிப்பதில்லை. இத்துறையில் அடிக்கடி தென்படும் குறைகளைச் சேர்த்து அமைத்தது. சீமைக்கருவேல மரத்தில் செய்த கரி, ரியாக்டிவ் சாயத்தை நீரிலிருந்து உறிஞ்சுகிறது என்கிறது கட்டுரை. மாதிரி நீர் திருப்பூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து 2011 மார்ச் மாதம் எடுக்கப்பட்டதாகச் சொல்கிறது. படிக்கும் மதிப்பீட்டாளருக்கு நான்கு இடங்களில் சந்தேகம் எழுகிறது.

முதலாவது, கணக்கு உதைக்கிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் கலந்த நீரை 50 மில்லிலிட்டர் எடுத்து, அதில் 0.1 கிராம் கரியைப் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள். அந்த நீரில் இருக்கும் மொத்தச் சாயமே 5 மில்லிகிராம்தான். அத்தனையையும் கரி உறிஞ்சிக்கொண்டாலும் ஒரு கிராம் கரிக்கு 50 மில்லிகிராம் என்றுதான் வரும். அட்டவணையில் 62 என்று இருக்கிறது. லாங்மியூர் சமன்பாட்டின்படி கணக்கிடும் உச்ச அளவு இதைவிடக் கூடுதலாக வரலாம். ஆனால் அந்தச் சோதனையில் அளந்த மதிப்பாக அது இருக்க வழியே இல்லை.

இரண்டாவது, கரியில் வடிகட்டிய பிறகு நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 6,800 மில்லிகிராமிலிருந்து 900-க்கு இறங்கியது என்கிறார்கள். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவது வழக்கம். கழிவுநீரில் கரைந்து நிற்பதில் பெரும்பகுதி இந்த உப்புதான். கரி சாயத்தைப் பிடிக்கும். கரைந்த சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ அந்த அளவுக்குப் பிடிக்காது. திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ. சவ்வுகளையும் ஆவியாக்கும் கலன்களையும் வைத்துக்கொண்டு பெருஞ்செலவில் திணறுவதற்குக் காரணமே இதுதான்.

மூன்றாவது, மாதிரி எடுத்த தேதி. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அப்படியிருக்க, மார்ச்சில் நிலையத்திலிருந்து நீர் வந்தது எப்படி?

நான்காவது, சாயம் ஏறுவதற்கு முன்பும் பின்பும் எடுத்ததாகச் சொல்லும் இரண்டு மின்னணு நுண்ணோக்கிப் படங்களும் ஒரே படம்போல் இருக்கின்றன. இரண்டாவது படத்தை அரைச் சுற்றுத் திருப்பினால் துளைகள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்துகின்றன.

இந்த நான்கையும் எந்தப் பகுதியில் எழுதுவது? நடைமுறையில் பலர் செய்வது இதுதான். கட்டுரையாளருக்கு, ‘ஆங்கிலம் திருத்தப்பட வேண்டும், முந்தைய ஆய்வுகளை இன்னும் சேர்க்கலாம், படங்கள் தெளிவாக இல்லை’ என்று நான்கு வரி. பதிப்பாசிரியருக்கு, ‘இந்தத் தரவுகளை நான் நம்பவில்லை, நிராகரித்துவிடுங்கள்’ என்று ஒரே வரி. கட்டுரை நிராகரிக்கப்படுகிறது. ஏன் என்று எழுதியவருக்குப் புரிவதில்லை. அவர் ஆங்கிலத்தைச் செப்பனிட்டு, மேற்கோள்களைக் கூட்டி, அதே 62-ஐயும் அதே 900-ஐயும் அடுத்த இதழுக்கு அனுப்புகிறார். அங்கே உப்பைப் பற்றி அறியாத ஒருவர் மதிப்பிட்டால் அது அச்சாகிவிடும். பிறகு கரியிலேயே உப்பு நீங்கும் என்று அதை மேற்கோள் காட்ட ஆள் வருவார்கள். ரகசியக் குறிப்பின் முதல் கேடு இது: பிழையைக் கண்டவருக்கே அதைத் திருத்தும் பொறுப்பிலிருந்து தப்பிக்க வழி கொடுக்கிறது.

இரண்டாவது கேடு, பதில் சொல்ல வாய்ப்பில்லாத தீர்ப்பு. ‘நம்பவில்லை’ என்ற ஒரு வரிக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. தரவைப் பார்த்து வந்த சந்தேகமா, பெயர் தெரியாத சிறு கல்லூரி என்பதால் வந்த இளக்காரமா என்று பதிப்பாசிரியரால் பிரித்தறிய முடியாது. ஆய்வு வெளியீட்டு நெறிகளை வகுக்கும் கோப் அமைப்பு, மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டுதலில் இதைக் குறிப்பாகச் சொல்கிறது. பதிப்பாசிரியருக்கு எழுதுவதும் கட்டுரையாளருக்கு எழுதுவதும் முரண்படாமல் இருக்க வேண்டும். கட்டுரையாளர் பார்க்கமாட்டார் என்ற துணிவில் ரகசியப் பகுதியை அவதூறுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம்.

ஓர் ஐயம் அந்த எழுத்துக்கு உரியவரிடமே போய்ச் சேர்வதன் பலனுக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1912-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணக்குகளை லண்டனில் இருந்த எம்.ஜே.எம். ஹில் என்ற பேராசிரியருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். எல்லா இயல் எண்களையும் கூட்டினால் −1/12 வரும் என்ற முடிவைப் பார்த்த ஹில், விரிதொடர்களின் ஆபத்து இவருக்குப் புரியவில்லை என்று கிரிஃபித்துக்கு எழுதினார். அந்தக் கருத்து இடையில் நின்றவரோடு முடங்கிவிடவில்லை. தொடர்கள் பற்றிய ப்ரோம்விச்சின் நூலைப் படிக்கச் சொன்ன அறிவுரையோடு ராமானுஜனை எட்டியது. 1913 பிப்ரவரியில் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் லண்டன் பேராசிரியரின் அந்த அறிவுரையைக் குறிப்பிட்டு, தாம் வேறொரு கோட்பாட்டின்படி அந்த முடிவுக்கு வந்ததாக ராமானுஜன் விளக்கினார். மறுப்பு இன்னதென்று தெரிந்ததால்தான் அவரால் விளக்க முடிந்தது.

அப்படியானால் ரகசியப் பகுதியையே எடுத்துவிடலாமா? கூடாது என்பதற்கு நம் மாதிரிக் கட்டுரையின் நான்காவது சந்தேகமே காரணம். ‘உங்கள் இரண்டு படங்களும் ஒன்றே’ என்று கட்டுரையாளருக்கு நேரடியாக எழுதினால் இரண்டில் ஒன்று நடக்கும். கோப்பை மாற்றிப் போட்ட நேர்மையானவர் திருத்திக்கொள்வார். வேண்டுமென்றே செய்தவரோ கட்டுரையைத் திரும்பப் பெற்று, படத்தை மாற்றி, வேறு இதழுக்கு அனுப்புவார், தடயமும் போய்விடும். மோசடி என்ற சந்தேகத்தை விசாரிக்கும் அதிகாரமும் மதிப்பீட்டாளருக்குக் கிடையாது. கோப் வகுத்த நடைமுறையில், சந்தேகத்துக்கான ஆதாரத்தைப் பதிப்பாசிரியர் மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் பெற வேண்டும். கட்டுரையாளரிடம் விளக்கமும் மூலத் தரவும் கேட்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் அவருடைய நிறுவனத்தை அணுக வேண்டும். இதன் முதல் படி பதிப்பாசிரியரிடம் தனியாகச் சொல்வதுதான். குற்றமற்றவர்மேல் வெளிப்படையாகப் பழி விழாமல் காப்பதும் அந்தத் தனிமைதான்.

மதிப்பீட்டாளர் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றுக்கும் அந்த இடம் வேண்டும். அதே நிலையத்துக்கு ஆலோசகராக இருக்கிறேன், இந்தக் குழுவோடு போட்டியிட்டு நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், புள்ளியியல் பகுதியை எடைபோட எனக்குத் தேர்ச்சி போதாது போன்ற செய்திகள் பதிப்பாசிரியருக்கு அவசியம். கட்டுரையாளருக்குச் சொன்னால் மதிப்பிட்டவர் யாரென்று வெளிப்பட்டுவிடும்.

மிகக் கடினமானது மூன்றாவது சந்தேகம். 2011 மார்ச் என்பது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டு தவறாக அச்சாகியிருக்கலாம். மூடுவதற்கு முன்பே எடுத்துச் சேமித்த நீராக இருக்கலாம். தொட்டியில் தேங்கி நின்றதை எடுத்திருக்கலாம். மூடிய நிலையங்களுக்குப் பின்னர் சோதனை ஓட்ட அனுமதியும் கிடைத்தது. ஆகவே இங்கே இரண்டு பகுதிகளும் வேலை செய்ய வேண்டும். கட்டுரையாளருக்கு, ‘மாதிரி எடுத்த நாள், இடம், தொட்டி, சேமித்த முறை ஆகியவற்றைத் தாருங்கள்’ என்ற கேள்வி. பதிப்பாசிரியருக்கு, நீதிமன்ற ஆணையின் தேதியும் அதனால் எழும் ஐயமும், அதற்கு நேர்மையான விளக்கம் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும். வெளியூர் மதிப்பீட்டாளர் யாரும் இதைக் கவனித்திருக்கமாட்டார். உள்ளூர் அறிவு ரகசியப் பகுதிக்குத் தரும் உண்மையான மதிப்பு இதுவே.

முதல் இரண்டு சந்தேகங்களும் முழுமையாகக் கட்டுரையாளருக்கே போக வேண்டும், கணக்கோடும் காரணத்தோடும். அவற்றுக்கு அவரால் பதில் சொல்ல முடியும்: எடையைத் தவறாகப் பதிந்திருந்தால் திருத்தலாம், கரிக்குப் பிறகு வேறு சுத்திகரிப்பு நடந்திருந்தால் எழுதலாம். பதில் இல்லையென்றால் நிராகரிப்புக்கு அதுவே போதிய காரணம்; ரகசியம் எதுவும் தேவைப்படாது.

மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடும் இதழ்கள் இந்தச் சிக்கலைப் பாதியளவே தீர்த்திருக்கின்றன. எம்போ ஜர்னல் 2009 முதல் அறிக்கைகளைக் கட்டுரையோடு வெளியிடுகிறது. நேச்சர் 2025 ஜூன் முதல் தான் பதிப்பிக்கும் புதிய ஆய்வுக் கட்டுரைகள் அனைத்துக்கும் இதை விதியாக்கியது. ஆனால் இவற்றில் வெளியாவது ஏற்கப்பட்ட கட்டுரைகளின் அறிக்கைகள் மட்டுமே. நம் மாதிரிக் கட்டுரையைப் போல நிராகரிக்கப்பட்டவை பற்றிய குறிப்புகள் இருட்டிலேயே கிடக்கும்.

ஆகவே முறையை ஒழிக்கத் தேவையில்லை. அதன் எல்லையைச் சுருக்க வேண்டும். தரவைக் கொண்டு கட்டுரையாளர் பதில் சொல்லக்கூடிய எந்த ஐயமும் அவருக்கே எழுதப்பட வேண்டும். நேர்மை பற்றிய ஐயமும் மதிப்பீட்டாளரின் சொந்தச் சார்பும் மட்டும் பதிப்பாசிரியருக்குத் தனியாகப் போகட்டும்; அதுவும் எந்தப் படம், எந்த வரி, எந்தத் தேதி என்ற ஆதாரத்தோடு. ஆதாரம் இல்லாத ‘நம்பவில்லை’ என்ற வரி வந்தால் பதிப்பாசிரியர் அதன்மேல் முடிவெடுக்காமல் காரணம் கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் மதிப்பீட்டுப் பணி செய்யும் ஆசிரியர்களே, அடுத்த அறிக்கையை அனுப்புமுன், ரகசியப் பகுதியில் எழுதிய ஒவ்வொரு வரியையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்து, கட்டுரையாளருக்குப் போக வேண்டியதை முதல் பகுதிக்கு நகர்த்திவிட்டு அனுப்புங்கள்.