பொதுக் கோப்பிலிருந்து ஒரு சுயமதிப்பீடு

மார்ச் மாதம் சென்னையின் மென்பொருள் அலுவலகங்கள் பலவற்றில் அப்ரைசல் படிவம் திறக்கும். ஓராண்டு வேலையை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் பொங்கலுக்குப் பிந்தையதுதான் கைக்கு வரும். அதனால் சில குழுக்கள் ஒரு பொதுக் கோப்பில் அவ்வப்போது ஒரு வரி குறித்து வைக்கின்றன. கடைசியில் ஆளாளுக்கு அதிலிருந்து எடுத்துத் தங்கள் சுயமதிப்பீட்டை எழுதிக்கொள்கிறார்கள். மிகைப்படுத்தலைத் தடுக்க இதுவே வழி என்பார்கள். பாதி உண்மை.

கோப்பில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்: ‘பில்லிங் ரிப்போர்ட், 40 நிமிடத்திலிருந்து 6 நிமிடம்.’ எல்லோரும் பார்க்கும் கோப்பு என்பதால் 40 என்பதை யாரும் 60 ஆக்க முடியாது. இது இந்த முறையின் பெரிய பலம். ஆனால் அந்த வேலையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் இழுத்தடித்த குவெரியைக் கண்டுபிடித்து மாற்றி எழுதினார், டேட்டாபேஸ் பார்ப்பவர் இண்டெக்ஸ் போட்டார், டெஸ்டர் பழைய தொகையும் புதிய தொகையும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்தார். முதல் இருவரின் படிவத்திலும் ‘ரிப்போர்ட் நேரத்தை 85 சதவீதம் குறைத்தேன்’ என்று வருகிறது. கணக்கு சரி, பொய்யும் இல்லை. ஆனாலும் ஒரே சாதனை இரண்டு முறை எண்ணப்படுகிறது. மிகை, எண்ணில் நுழையவில்லை. யார் செய்தது என்பதில் நுழைந்திருக்கிறது.

சதவீதம் இன்னொன்றையும் மறைக்கிறது. அந்த ரிப்போர்ட் மாதம் ஒருமுறை, விடிவதற்குச் சற்று முன்பு ஓடுவது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. உண்மையான லாபம் வேறு: இடையில் நின்றுபோனால் விடிவதற்குள் மறுபடி ஓட்ட இப்போது நேரம் இருக்கிறது. ‘தாமதத்துக்குக் காரணமான குவெரியைக் கண்டுபிடித்து மாற்றி எழுதினேன், இண்டெக்ஸ் போட்டது சக ஊழியர், தவறினாலும் இரவுக்குள் மீண்டும் ஓட்டலாம்’ என்று எழுதினால் சொல் அடக்கமானது, விஷயம் கூடுதல்.

டெஸ்டரின் நிலைதான் மோசம். புதிய குவெரி, மாத நடுவில் இணைப்பை ரத்து செய்தவர்களின் தொகையை விட்டுவிட்டதை அவர்தான் பிடித்தார். தவறான பில் வெளியே போகவில்லை. நடக்காமல் போன விபத்துக்குக் கோப்பில் யாரும் வரி எழுதுவதில்லை. குறிப்பைத் தாண்டாமல் எழுதும் நேர்மையாளர் தன் பங்கைத் தானே அழித்துக்கொள்கிறார். மிகைப்படுத்தாமை இங்கே குறைத்துச் சொல்வதாகிவிடுகிறது. இதை நான் நேர்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மதிப்பெண்களை ‘பெல் கர்வ்’ வளைவுக்குள் அடைக்கும் நிறுவனங்களில் சிக்கல் இன்னும் கூடும். மைக்ரோசாஃப்ட் 2013இல் இப்படிக் கட்டாயமாகத் தரம் பிரிப்பதைக் கைவிட்டது. அது நீடிக்கும் இடத்தில், பக்கத்துக் குழு ஊதிப்பெருக்கினால் அளந்து எழுதிய குழுவுக்கு அடி விழும். அந்தக் குறையைக் கோப்பால் தீர்க்க முடியாது. யார் எந்தப் பங்கைச் செய்தார், எது தடுக்கப்பட்டது என்பதை வேலை முடிந்த அன்றே வரியோடு சேர்த்து எழுதினால் முந்தைய இரண்டு குறைகளைத் தீர்க்கலாம். மார்ச்சில் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.