முள், மேடு, ஏற்றம்: ஓய்வுத் துடிப்பின் வரைபடத்தை எப்படிப் படிப்பது?

நேற்று 62 காட்டிய கைக்கடிகாரம் இன்று 66 காட்டுகிறது. படுக்கையை விட்டு எழும் முன்பே செயலியைத் திறக்கிறவருக்குக் காரணமும் உடனே அகப்பட்டுவிடுகிறது: நேற்று சாயங்காலம் குடித்த இரண்டாவது காபி. ஓய்வுநிலை இதயத்துடிப்பைக் கவனிப்பது பயனுள்ள பழக்கம்தான். ஆனால் ஒரே நாளில் கூடிய நான்கு துடிப்புக்குக் காரணம் தேடத் தொடங்கும்போது அந்தப் பழக்கம் தடம் மாறுகிறது.

நரம்புகளின் தலையீடு இல்லாமல் விட்டால், நடுவயதுக்கு உட்பட்டவரின் இதயம் நிமிடத்துக்கு 100 முறையை ஒட்டித் துடிக்கும். வேகஸ் நரம்பு கடிவாளம்போல் இழுத்துப் பிடிப்பதால்தான் ஓய்வில் அது 60, 70 என்று இறங்குகிறது. காய்ச்சல், தூக்கக் குறைவு, நீரிழப்பு, கவலை, மது, இரவில் தாமதமாக உண்ட பெருஞ்சாப்பாடு என எது வந்தாலும் இந்தப் பிடி தளரலாம், அல்லது துடிப்பை முடுக்கும் நரம்புகள் வலுப்பெறலாம். காரணங்கள் பல, வெளியே தெரிவதோ ஒரே எண். ஆகவே ஏதோ மாறியிருக்கிறது என்று அந்த எண் சொல்லும், எது மாறியது என்று சொல்லாது.

வரைபடத்தின் உண்மையான பலம் ஒருவரை அவரோடேயே ஒப்பிடுவதில் இருக்கிறது. கைப்பட்டை அணிந்த 92,457 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் 'பிளோஸ் ஒன்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஆளுக்கு ஆள் சராசரித் துடிப்பு 40 முதல் 109 வரை விரிந்திருந்தது. ஒரே ஆளிடம் வாரத்துக்கு வாரம் ஏற்பட்ட மாற்றமோ பெரும்பாலும் மூன்று துடிப்பு அளவுதான். மருத்துவமனையில் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பார்கள். எப்போதும் 60இல் இருப்பவர் 70க்குப் போனாலும் அந்த எல்லைக்குள்தான் இருப்பார். அவருடைய உடலில் நடந்த மாற்றத்தை அவருடைய வரைபடம்தான் காட்டும்.

அதைப் படிப்பதற்குமுன் எண் எப்போது எடுக்கப்படுகிறது என்று அறிய வேண்டும். கடிகாரத்தின் அடியில் உள்ள பச்சை ஒளி தோலுக்குள் பாய்ந்து, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறது. எந்த நேரத்து அளவை 'ஓய்வு' என்று எடுத்துக்கொள்வது என்பதில்தான் கருவிகள் வேறுபடுகின்றன. சில தூக்கத்தின்போது எடுக்கின்றன; சில பகலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொழுதுகளையும் சேர்க்கின்றன. ஆகவே கடிகாரத்தை மாற்றினால் பழைய கோட்டின் தொடர்ச்சியாகப் புதியதைப் படிக்கக் கூடாது. பட்டை தளர்ந்திருந்தாலும் எண் பிசகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அலுவலகம் செல்லும் 35 வயதுப் பெண் ஒருவர். அவருடைய கடிகாரம் தூக்கத்தில் அளக்கிறது. உடல் நன்றாக இருந்த ஒரு மாதத்தில் அவருடைய எண் 60 முதல் 64 வரை இருந்தது. மாதவிடாய்க்கு முந்தைய இரு வாரங்களில் இரண்டு மூன்று துடிப்பு கூடுவது இயல்பு. அதுவும் இந்த வீச்சுக்குள் அடங்கிவிட்டது.

முதலில் ஒரு முள். இரவுப் பேருந்தில் அரைத்தூக்கத்தில் பயணம் செய்த மறுநாள் 68. அதற்கடுத்த நாள் 63. ஒரு நாள் எழுந்து மறுநாளே அடங்கும் முள்ளுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. இங்கே வேறொரு சிக்கலும் உண்டு. பல செயலிகள் வரைபடத்தின் உயரத்தை அந்த வாரத்தின் எண்களுக்கேற்ப இழுத்துக்கொள்ளும். நான்கு துடிப்பு மலைபோல் தெரியும். கோட்டின் உயரத்தை விட்டுவிட்டு ஓரத்தில் உள்ள எண்ணைப் பார்ப்பதே சரி.

அடுத்தது மேடு. ஒரு வாரத்தில் 67, 71, 74, 73 என்று ஏறி, பிறகு மெல்ல இறங்குகிறது. இரண்டாம் நாள் காய்ச்சல். உடல்சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பு ஏறக்குறைய பத்து கூடும். சில சமயம் அறிகுறிக்கு முன்பே ஏற்றம் தெரியும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கோவிட் வந்த 32 பேரின் கடிகாரப் பதிவுகளை 2020இல் பார்த்தபோது 26 பேரிடம் துடிப்பிலோ நடையிலோ தூக்கத்திலோ மாற்றம் இருந்தது. ஆனால் எல்லாக் காய்ச்சலும் இப்படி நடந்துகொள்வதில்லை. டைஃபாய்டில் காய்ச்சலுக்கு ஏற்ற அளவு துடிப்பு ஏறாமல் போகலாம். தட்டையான கோடு ஆறுதல் ஆகாது. டெங்குவில் காய்ச்சல் விடும் கட்டமே ஆபத்தானது. அப்போது சூடு இறங்கியும் துடிப்பு இறங்காவிட்டால் அது எச்சரிக்கை. நாளுக்கு ஒரு எண் தரும் வரைபடம் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. அங்கே மருத்துவரின் கண்காணிப்புதான் வேண்டும்.

மூன்றாவதாக ஏற்றம். பத்து வாரங்களில் 62இலிருந்து 69க்கு நகர்கிறது. எந்த நாளும் தனியாகப் பயமுறுத்துவதில்லை. செயலியும் எச்சரிக்கவில்லை, ஏனெனில் அது ஒப்பிடுவது அண்மை வாரங்களின் சராசரியோடு. துடிப்போடு சேர்ந்து அந்தச் சராசரியும் ஏறிக்கொண்டே போகிறது. நகரும் சராசரியை நம்பும் எந்த முறைக்கும் இதுவே பெரிய குறை: மெதுவான மாற்றத்தை அது விழுங்கிவிடும். இரத்தசோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து, விட்டுப்போன உடற்பயிற்சி, கருவுற்றிருத்தல் ஆகியவை இப்படித்தான் தெரியவரும். மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போகும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை இங்கே நியாயமான முதல் படி. மாற்று வழி எளிது. உடல் நன்றாக இருந்த ஒரு மாதத்தின் வீச்சைத் தேதியோடு எழுதி வைத்து, அந்த நிலையான எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இனி காபி. நாள்தோறும் குடிப்பவரின் உடல் கஃபீனுக்குப் பழகிவிடுவதால், துடிப்பை அது நேரடியாக உயர்த்துவது பெரும்பாலும் சிறிதளவே. தூக்கத்தைக் கெடுப்பதில்தான் அதன் கை ஓங்குகிறது. உடலில் கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபியில் 100 மில்லிகிராம் இருந்தால், இரவு பதினொன்றுக்கு 50 மிச்சம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு அது கரைய இன்னும் நேரமாகும். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் வழக்கம்போலவும் இரண்டு வாரம் பிற்பகலுக்குமேல் காபி இல்லாமலும் இருந்து, வாரச் சராசரிகளை ஒப்பிடலாம். உறங்கும் நேரமும் இரவுச் சாப்பாடும் மாறாதிருக்க வேண்டும். வித்தியாசம் மூன்று துடிப்புக்குக் கீழே நின்றால், காபியைக் குற்றம் சொல்ல ஆதாரம் போதாது.

இந்த வரைபடம் தொடவே தொடாத பகுதியும் உண்டு. சராசரி எண், துடிப்பின் ஒழுங்கைக் காட்டாது. 70 என்ற எண்ணுக்குள் ஒழுங்கற்ற துடிப்பும் ஒளிந்திருக்கலாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணினால் ஒழுங்கு தவறுவது பெரும்பாலும் கைக்கே தெரியும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் எண் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓய்விலும் துடிப்பு 100க்கு மேலேயே நின்றால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, ஏற்றம் மூன்று வாரம் தாண்டி நீடித்தால் மருத்துவரிடம் செல்லலாம். அவரிடம் நூறு நாள் வரைபடத்தை நீட்டுவதைவிட நான்கு வரி சொல்வது உதவும்: முன்பு இருந்த வீச்சு, இப்போதைய வீச்சு, எந்த வாரத்திலிருந்து மாறியது, அந்தச் சமயத்தில் மருந்தோ தூக்கமோ மாதவிடாயோ மாறியதா என்பது. காரணத்தை அவரும் பரிசோதனையும் கண்டுபிடிக்கட்டும்.