லத்தீன் வகுப்பில் வந்த பரவசம்

உள்ளுணர்வைக் கேள் என்கிற புத்தகங்கள், ஆசையும் அதே குரலில்தானே பேசும் என்பதைத் தொடுவதே இல்லை. லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' தொடுகிறது: எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார் என்கிறது.

இந்த விதிக்குப் பின்னால் பட்டறிவு இருக்கு. 1524-இல் பார்சிலோனாவில், முப்பதைத் தாண்டிய வயதில் லத்தீன் படிக்க உட்கார்ந்தார். மனப்பாடம் செய்யும்போதெல்லாம் ஞானம் பொங்கியது. ஜெபத்திலோ பூசையிலோ அவ்வளவு வரவில்லை. இனிமையா இருக்கான்னு அவர் பார்க்கலை. எப்போ வருது, எதைக் கெடுக்குதுன்னு பார்த்தார். இது சோதனைதான் என்று முடிவுகட்டி, இரண்டு வருஷம் வகுப்பைத் தவறவிடமாட்டேன் என ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்தார். தொல்லை நின்றது.

ஆனால் இந்தச் சோதனை முன்பே எடுத்த ஒரு முடிவை அளவுகோலாக வைக்கிறது. படிக்கலாம்னு எடுத்த அந்த முடிவே வெறும் ஆசையாக இருந்தால், நேரக்கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது.