பட்டிக்குக் கீழே ஒரு விரற்கடை

பட்டுப் பாவாடையைக் கையில் எடுத்ததும் எல்லோருடைய பார்வையும் நேராகக் கீழே ஜரிகைக்குத்தான் போகும். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அது இயல்பு. தாமல் மாதிரி ஓர் ஊரில் பாட்டியிலிருந்து பேத்தி வரை பார்டரின் அகலத்தை வைத்தே துணியை எடைபோட்டுவிடுவார்கள். நெசவைப் பார்க்க அது சரியான இடம். தையலைப் பார்க்க வேண்டுமென்றால் கண் மேலே போக வேண்டும். இடுப்புப் பட்டி முடிந்து பாவாடை தொடங்கும் இடத்தில், பட்டிக்குக் கீழே ஒரு விரற்கடை அகலத்தில், தைத்தவருடைய கைத்திறன் முழுக்கத் தெரிந்துவிடும்.

கனமான புதுப் பட்டில் பெரும்பாலும் கொசுவம்தான் வைப்பார்கள். அளந்து, மடித்து, ஒரே திசையில் படியவைப்பது. இங்கே நான் சொல்ல வருவது சுருக்கு. அம்மாவின் பழைய பருத்திப் புடவையையோ மெல்லிய பட்டையோ வெட்டி மகளுக்குத் தைக்கும் பாவாடையில் வருவது அது. கொசுவத்தில் ஒவ்வொரு மடிப்பும் அளவெடுத்து வைத்தது, அதனால் தவறு உடனே கண்ணில் படும். சுருக்கில் மடிப்புகள் தாமாக விழுகின்றன. அவற்றைச் சீராக விழவைப்பது கடினம் என்பதால்தான் நன்றாக வந்த சுருக்கைப் பார்க்க எனக்கு அத்தனை பிடிக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏழு வயதுச் சிறுமி, இடுப்பு 22 அங்குலம். புடவையின் பார்டர் பாவாடையின் கீழ்விளிம்பாக வர வேண்டும். ஆகவே புடவையின் நீளவாக்கு இடுப்பைச் சுற்றி வருகிறது, அகலவாக்கு பாவாடையின் உயரமாகிறது. மேல்பக்கத்துப் பார்டரை வெட்டி எடுத்துவிடுவார்கள். அது சட்டையின் கைக்கு ஆகும். இடுப்பில் ஜரிகையை விட்டுவைத்தால் சுருக்கு விறைத்து நிற்கும் என்பது இன்னொரு காரணம். 57 அங்குலம் வெட்டி, பின்பக்கத் திறப்புக்கு இரு ஓரமும் அரை அங்குலம் மடித்தால் 56 மிஞ்சும். 56 அங்குலத் துணி 22 அங்குலத்துக்குள் போக வேண்டும், அதாவது இரண்டரை மடங்கு. பருத்திக்கும் மெல்லிய பட்டுக்கும் இது நல்ல அளவு. ஒன்றரை மடங்குக்கு இறங்கினால் பாவாடை சுருங்கித் தெரியாது, சப்பையாகத் தொங்கும். மிக மெல்லிய துணி மூன்று மடங்கையும் தாங்கும். கனமான காஞ்சிப் பட்டில் இரண்டரை மடங்கைத் திணித்தால் பட்டிக்குள் துணி கட்டியாகத் திரண்டு இடுப்பு உப்பிவிடும். அதற்குத்தான் கொசுவம்.

இனி சுருக்குக்காக ஓட்டும் இரண்டு வரித் தையல். பட்டியோடு இணைக்கும் தையல் விளிம்பிலிருந்து அரை அங்குலத்தில் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே ஒரு வரி, சற்றுக் கீழே ஒரு வரி, இரண்டும் மிஷினில் இருக்கும் மிக நீளத் தையலில் ஓட்ட வேண்டும். சாதாரணத் தையல் ஒன்று இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். இது நான்கு, ஐந்து. தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் அடித்துக் கட்டக் கூடாது. நூலை நான்கு விரல் நீளத்துக்குத் தொங்கவிட வேண்டும். மேல்நூலின் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஏன் தளர்த்துகிறோம் என்று புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற மிஷினிலிருந்து இன்று நம் வீட்டில் உள்ள மிஷின் வரை, மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோட்டுக்கொள்கின்றன. மேல்நூல் தளர்ந்தால் அந்தக் கொக்கி துணிக்கு அடிப்பக்கம் இறங்கிவிடும், பாபின் நூல் வளையாமல் நேர்க்கோடாகக் கிடக்கும். நேராகக் கிடக்கும் நூலைப் பிடித்து இழுத்தால் துணி அதன்மேல் வழுக்கிக்கொண்டு சுருங்கும். டென்ஷன் இறுக்கமாக இருந்தால் நூல் ஒவ்வொரு தையலிலும் மாட்டி, பாதியில் அறுந்துபோகும். பாபினில் வேறு நிற நூல் போட்டுவிட்டால் எதை இழுப்பது என்ற குழப்பமும் இல்லை.

ஒரு வரி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுருங்கத்தான் செய்யும். ஆனால் ஒரே நூலில் மாட்டிய மடிப்பு அந்த ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பும். ஒன்று இடப்பக்கம் சாயும், அடுத்தது வலப்பக்கம் புரளும். இரண்டு நூல்கள் பிடிக்கும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. மடிப்பு திரும்ப முடியாது. சீப்பின் பற்களைப் போல நேராக, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இரண்டு வரிகளும் இணையாக ஓடினால்தான் இது நடக்கும். ஒன்று நெளிந்தால், நெளிந்த இடத்தில் மடிப்பும் கோணும்.

பட்டுக்கு ஒரு விதிவிலக்கு. பட்டில் ஊசி போட்ட துளை மறையாது. அதனால் கீழ்வரியையும் இணைப்புத் தையலுக்கு மேலேயே, பட்டிக்குள் மறையும் பகுதியிலேயே ஓட்டிவிடுவார்கள். பிடி சற்றுக் குறையும், துளை வெளியே தெரியாது. பருத்தியில் கீழ்வரியைப் பிறகு உருவிவிட்டு, ஈரக்கையால் தடவினாலே துளை அடைந்துவிடும்.

இழுப்பதற்கு முன் செய்ய வேண்டியது பங்கு பிரிப்பது. 56 அங்குலத்தை நான்காக மடித்து 14 அங்குலத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு. பட்டியின் 22 அங்குலத்தை நான்காக மடித்து ஐந்தரைக்கு ஒரு கோடு. கொக்கி வைக்க ஓரத்தில் நீட்டிவிடும் ஓர் அங்குலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கோட்டோடு கோடு வைத்து ஊசி குத்திவிட்டால், இனி வேலை 56ஐ 22 ஆக்குவது அல்ல, 14ஐ ஐந்தரை ஆக்குவது, நான்கு முறை. நடுவிலிருந்து இருபுறமும் தனித்தனி நூலாக இரண்டு பாதியாய் ஓட்டியிருந்தால் இன்னும் எளிது. ஒவ்வொரு பாதியிலும் இரு வரியின் பாபின் நூல்களையும் சேர்த்துப் பிடித்து ஒரு முனையிலிருந்து பாதிவரை, மறுமுனையிலிருந்து மீதி. இழுப்பதைவிட, மறுகையால் துணியை நூலின்மேல் தள்ளுவதே சரியான அசைவு. அளவு வந்ததும் நூல் முனையைக் குண்டூசியில் எட்டுப் போல் சுற்றி நிறுத்திவிட்டு, ஊசி நுனியால் மடிப்புகளைப் பரப்ப வேண்டும். வேலையில் பாதி நேரம் இதற்குப் போகும், போகத்தான் வேண்டும்.

தைக்கும்போது சுருக்குப் பக்கம் மேலே, பட்டி கீழே. மிஷினின் பல் அடித்துணியை முன்னே தள்ளும், பாதம் மேல்துணியைப் பின்னே இழுக்கும். சுருக்கு கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இருந்தால் பல் தன் போக்கில் மடிப்புகளைச் சாய்த்துக்கொண்டே போகும், முடிந்தபின்தான் தெரியும். மேலே இருந்தால் பாதத்துக்கு முன்னால் ஊசி நுனியை வைத்து ஒவ்வொரு மடிப்பையும் நிமிர்த்திக்கொடுக்கலாம். இப்போது தையல் சாதாரண நீளத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைப் பட்டிக்குள் போகும் விளிம்பில் மட்டும் வைக்க வேண்டும். மடிப்புகளின்மேல் வைத்தால் இத்தனை நேரம் நிமிர்த்தியது படுத்துவிடும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு பாவாடையைப் பார்ப்பது எப்படி? முதலில் பட்டியை இரு கையாலும் பிடித்து நேராக நீட்டுங்கள். பட்டிக்குக் கீழே ஏதாவது ஓர் அங்குலத்தில் உள்ள மடிப்புகளை எண்ணுங்கள். எட்டு இருந்தால், அடுத்த அங்குலத்திலும் ஏழெட்டு இருக்க வேண்டும். ஓரிடத்தில் பத்து, பக்கத்தில் நான்கு என்றால் ஊசி நுனி வேலை நடக்கவில்லை. குறிப்பாகக் கால்பங்குக் கோடுகள் இருந்திருக்கக்கூடிய இடங்களைப் பாருங்கள். ஊசி குத்திய இடத்தை ஒட்டிச் சுருக்கு சேராமல் சப்பையாக விட்டுப்போவது அங்கேதான்.

அடுத்து மடிப்பு பட்டியிலிருந்து வெளிவரும் வாயைப் பாருங்கள். நல்ல சுருக்கு உருண்டையாக வெளிவந்து, இறங்க இறங்கத் தளர்ந்து துணியோடு கரையும். தையலில் தவறி மாட்டிக்கொண்ட மடிப்பு கூர்மையாக, இஸ்திரி போட்ட கொசுவம் போல ஒரு பக்கம் படுத்திருக்கும். விரலால் தடவினாலே தனித்துத் தெரியும். பிறகு பட்டியை உட்பக்கம் திருப்புங்கள். உள்ளே மறைந்த விளிம்பை வெளியிலிருந்து விரலால் நெருடிப் பார்த்தால் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கடைசியாக, இப்போது கீழே ஜரிகையைப் பார்க்கலாம், வேறு காரணத்துக்காக. பாவாடையைத் தொங்கவிட்டால் பார்டரின் கீழ்விளிம்பு தரைக்கு இணையாக நிற்கிறதா, அல்லது அலை அடிக்கிறதா? அலை அடித்தால் குற்றம் இடுப்பில் இருக்கிறது. அரை அங்குலம் எடுக்க வேண்டிய இடத்தில் சுருக்கு நழுவி முக்கால் அங்குலம் உள்ளே போயிருக்கும், அந்தக் கால் அங்குலம் கீழே அப்படியே மேலேறிவிடும். வெற்றுத் துணியில் கண்ணுக்குப் பிடிபடாத இந்தப் பிழையை ஜரிகைக் கோடு மறைக்கவிடாது. அதே ஜரிகை ஓர் உதவியும் செய்கிறது. பொதுவாகப் பாவு நூலின் வாக்கில் விழும் மடிப்புதான் அழகாகத் தொங்கும். புடவையை வெட்டித் தைக்கும் பாவாடையில் மடிப்பு ஊடை வாக்கில் விழுகிறது. அதனால் கொஞ்சம் விரிந்து நிற்கப் பார்க்கும். கீழே உள்ள பார்டரின் கனம் அதை இழுத்து நேராக்கிவிடும். பார்டர் இல்லாத துணியில் அதே இரண்டரை மடங்கு வைத்தால் பாவாடை குடைபோல் விரிவதும் இதனால்தான்.

வளரும் பிள்ளைக்குத் தைப்பதில் சுருக்கு கொசுவத்தை வெல்லும் ஓர் இடம் உண்டு. விவரம் தெரிந்த தையல்காரர் பட்டியின் முனையில் இரண்டு அங்குலம் கூடுதலாக உள்ளே மடித்து வைத்திருப்பார். இடுப்பு 24 ஆனால் பட்டியைப் பிரித்து, அந்த மடிப்பை நீட்டி, மறுபடி இரண்டு வரி ஓட்டி, 14 அங்குலத்தை ஐந்தரைக்குப் பதில் ஆறு அங்குலத்தில் பரப்பினால் போதும். கொசுவமாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பையும் புதிதாக அளக்க வேண்டும், பழைய மடிப்பின் தடமும் போகாது. பாவாடை வாங்கும்போது அந்த உள்மடிப்பு இருக்கிறதா என்று பட்டியின் ஓரத்தை நெருடிப் பாருங்கள்.