‘தான்’ திருப்பிய அம்பு

தருக்கப் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் மாணவர்களுக்கு ஓர் அட்டவணையை அச்சிட்டுக் கொடுக்கிறார். ‘இஃப்’, ‘ப்ரொவைடட் தட்’ இரண்டையும் தொடர்ந்து வருவது அம்பின் வால், ‘ஒன்லி இஃப்’ஐத் தொடர்வது அம்பின் தலை, ‘அன்லெஸ்’ வந்தால் ‘அல்லது’ போடு. தேர்வில் நேரம் மிச்சம் என்கிறார். மிச்சம்தான். ‘அன்லெஸ்’ஐ ‘அல்லது’ என்று எழுதுவது குவைன் காலத்திலிருந்தே வழக்கம் என்பதும் சரி.

என் குறை வேறு. அட்டவணை சொல்லைத் தேடக் கண்ணைப் பழக்குகிறது. அந்த வாக்கியம் எதைத் தடுக்கிறது என்று கேட்கச் சொல்லித்தருவதில்லை. தமிழில் இது உடனே அம்பலமாகிவிடும்.

‘ஹால் டிக்கெட் இருந்தால்தான் தேர்வறைக்குள் அனுமதி.’ டிக்கெட் இருப்பது h, அனுமதி கிடைப்பது a என்று வைத்துக்கொள்வோம். ‘இருந்தால்’ கண்ணில் பட்டதுமே மாணவர் h → a என்று எழுதிவிடுகிறார். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘தான்’ அம்பைத் திருப்பிவிட்டதைக் கவனிப்பதில்லை. எது சரி என்று பார்க்க, அறிவிப்பு மீறப்படும் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும். டிக்கெட்டோடு வந்த ஒருத்தியைத் தாமதமாக வந்தாள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அறிவிப்பு பொய்யாகிவிட்டதா? இல்லை, டிக்கெட் உள்ள எல்லாரையும் விடுவோம் என்று அது வாக்குத் தரவில்லையே. டிக்கெட் இல்லாத ஒருவன் உள்ளே உட்கார்ந்து எழுதினால்தான் அது பொய். அதாவது a உண்மை, h பொய். அம்பு பொய்யாவது வால் உண்மையாகித் தலை பொய்யாகும்போது மட்டுமே. ஆகவே வால் a, தலை h: a → h. மாணவர் எழுதிய h → a, தாமதமாக வந்த பெண்ணாலேயே பொய்யாகிவிடுகிறது.

‘கட்டணம் கட்டினாலொழிய சான்றிதழ் கிடையாது.’ கட்டியது k, சான்றிதழ் c. கட்டாதவர் கையில் சான்றிதழ் இருந்தால் மீறல். எனவே c → k. அட்டவணையின் ‘அல்லது’ம் k ∨ ¬c என்று அதையேதான் தரும். ஆனால் ‘கிடையாது’வுக்குள் இருக்கும் மறுப்பை விட்டுவிட்டு k ∨ c என்று எழுதும் விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். பணமும் கட்டவில்லை, சான்றிதழும் வரவில்லை என்றால் அது பொய்யாகிவிடுகிறது. அறிவிப்பு நடக்கச் சொல்வதே அதைத்தானே!

‘பிணை தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் கடன் வழங்கப்படும்’ என்பது இன்னும் மோசம். பிணை தந்தும் கடன் மறுத்தால் மீறல். பிணையில்லாமல் கொடுத்தாலும் மீறல். இரண்டு காட்சிகள், இரண்டு அம்புகள். அட்டவணையோ ‘ப்ரொவைடட் தட்’டுக்கு ஒன்றைத் தந்துவிட்டு மற்றதை விழுங்கிவிடுகிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகு நண்பர் அட்டவணையில் ‘-ஆல்தான்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ‘டிக்கெட் இல்லாமல் உள்ளே போக முடியாது’ என்பதை எந்த வரியில் தேடுவது என்று கேட்டேன். அதுவும் a → h தான். ஆனால் பட்டியலில் உள்ள ஒரு சொல்கூட அதில் இல்லை.