குறுக்கெழுத்துக் குறிப்பை ரசிப்பது எப்படி: ஒரு கித்தாக் காயும் மூன்று சொற்களும்

பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அறிவியல் வகுப்பில், தாவரங்கள் விதை பரப்பும் முறையையும் தம்மைக் காத்துக்கொள்ளும் முறையையும் படித்து முடித்த மாணவர்களிடம் மீள்பார்வை அட்டைகள், அதாவது ஒரு பக்கத்தில் கலைச்சொல்லும் மறுபக்கத்தில் அதன் விளக்கமும் எழுதப்பட்ட சிறு அட்டைகள், இருக்கும். அவற்றிலிருந்து குறுக்கெழுத்துப் புதிர் அமைக்கும்போது பலரும் மறுபக்க விளக்கத்தை அப்படியே குறிப்பாக எழுதிவிடுகின்றனர். அந்தக் குறிப்பு மனப்பாடத்தைச் சோதிக்குமே தவிர, புரிதலைத் தொடுவதில்லை. நல்ல குறிப்பு எது என்பதை 'வெடித்தல்', 'மரப்பால்', 'தற்காப்பு' என்னும் மூன்று சொற்களைக் கொண்டே பார்த்துவிடலாம்.

முதலில் கட்டங்களை எண்ண வேண்டும். தமிழில் உயிரெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் புள்ளி வைத்த மெய்க்கும் ஒவ்வொரு கட்டம் என்பதால், வெ-டி-த்-த-ல் ஐந்து கட்டங்களைப் பெறும். கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் புள்ளியும் கணினியில் தனிக்குறிகளாகப் பதிவாவதால், தமிழுக்கென அமைக்கப்படாத புதிர் மென்பொருள் இதே சொல்லுக்கு ஒன்பது கட்டங்களை ஒதுக்கிவிடக்கூடும். கொம்பு மட்டும் தனிக்கட்டத்தில் நிற்பதைக் கண்டால் கோளாறு எங்கே என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது குறிப்பு. 'வெடித்தல்' அட்டையின் பின்புறத்தில் 'காய் வெடித்து விதைகள் சிதறும் முறை' என்று இருந்தால், விடையின் வேர்ச்சொல் விளக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. அதற்குப் பதிலாக, 'கித்தாக் காய் கடும் வெயிலில் எழுப்பும் சத்தத்துக்குக் காரணமான பரவல் முறை (5)' என்று எழுதினால், மூன்று அறைகள் கொண்ட அந்தக் காய் உலர்ந்து, முறுக்கேறி, ஓடு பிளந்து விதைகளைத் தொலைவுக்கு எறிவதை மாணவர் எண்ணிப் பார்த்த பிறகே விடைக்கு வருவார். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட நிலையில் ஈப்போ நகரத்துப் பிள்ளைக்கு அது பாடநூலில் மட்டுமே இருக்கலாம் என்பதால், 'காசித்தும்பையும் இப்படித்தான்' என்று ஒரு வரி சேர்ப்பது நியாயமானது.

ஊர்ப்பற்றினால் குறிப்பு திசைமாறுவதும் உண்டு. 'மரப்பால்' என்பதற்கு, '1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் வளர்ந்து தந்தது' என்று எழுதினால் அது பேராக்கின் வரலாற்றைச் சொல்லும் அழகான வரிதான். ஆனால் அது வரலாற்று அறிவைக் கேட்கிறது, இந்த அட்டைத் தொகுப்போ தாவரத்தின் செயலைப் பற்றியது. 'பட்டை காயம்பட்டதும் வெண்ணிறமாகக் கசிந்து பூச்சிகளைத் தடுக்கும். பலாவிலும் பப்பாளியிலும் உண்டு (5)' என்னும் குறிப்பில் பாடம் முழுவதும் அடங்குகிறது.

புதிரின் உண்மையான சுவை சொற்கள் சந்திக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது. 'வெடித்தல்' இடமிருந்து வலமாக நிற்க, 'மரப்பால்' மேலிருந்து இறங்கி அதன் கடைசி 'ல்'லில் முடியலாம். ஆயினும் இச்சந்திப்பினால் கிடைக்கும் உதவி மிகக் குறைவு. மிதத்தல், பரவுதல், சிதறல் என்று தொழிற்பெயர்களில் மிகப் பல 'ல்'லில் முடிவதால், அந்த எழுத்து தெரிந்தும் எதையும் விலக்க முடிவதில்லை.

'தற்காப்பு' சந்திக்கும் இடமோ வேறு வகையானது. 'முள்ளும் நஞ்சும் தாவரத்துக்கு அளிப்பது (5)' என்னும் குறிப்புக்குத் 'தற்காப்பு' என்பதைப் போலவே 'பாதுகாப்பு' என்பதும் பொருந்துகிறது. இரண்டும் ஐந்தெழுத்து, இரண்டும் 'காப்பு' என்றே முடிகின்றன. குறிப்பை மட்டும் படிப்பவரால் தீர்மானிக்க இயலாது. 'வெடித்தல்' சொல்லின் நான்காம் கட்டமான 'த'விலிருந்து இச்சொல் கீழிறங்குமாறு அமைத்தால், அந்த ஒற்றை எழுத்து 'பாதுகாப்பை' விலக்கி ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. கித்தாக் காயைப் பற்றிய அறிவு முள்ளைப் பற்றிய கேள்விக்கு விடை காட்டும் இந்த இடத்தைக் கண்டு நிற்பதே ரசனை.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே இருப்பதால் சொற்கள் எளிதில் சந்திக்கின்றன. தமிழின் 247 எழுத்துகளில் 'வி'யும் 'வெ'யும் வெவ்வேறு கட்டங்களுக்கு உரியவை என்பதால், சந்திப்புகள் அரிதாகவே அமையும். அட்டைத் தொகுப்பில் உள்ள எல்லாச் சொற்களையும் கோக்க முயல்வது வீண். எட்டோ பத்தோ சொற்களைத் தேர்ந்து, சந்திக்காதவற்றை வாய்மொழிக் கேள்விக்கு ஒதுக்குவதே தக்கது.

வகுப்பில் குறிப்புகளை மாணவர் குழுக்களே எழுதி, கட்டம் இல்லாமல், எழுத்தெண்ணிக்கையை மட்டும் கொடுத்து அடுத்த குழுவிடம் மாற்றிக்கொள்ளலாம். பெறும் குழு அதே எண்ணிக்கையில் வேறொரு சரியான விடையைச் சொன்னால், எழுதிய குழு குறிப்பைத் திருத்தலாம், அல்லது அந்தச் சொல்லுக்கு ஐயம் தீர்க்கும் ஒரு சந்திப்பைத் தேடலாம். 'பாதுகாப்பு' என்று சொன்ன குழுவுக்கு மதிப்பெண் குறைப்பது முறையாகாது.