சுருக்கிய பின்னத்தில் காணாமல் போன பந்துகள்: ஒரு மர வரைபடப் பயிற்சித்தாள் பற்றி

நான்காம் படிவக் கணிதத்தில் இணைந்த நிகழ்வுகளின் நிகழ்தகவு தொடங்கினால் போதும், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பயிற்சித்தாள் கைமாறத் தொடங்கிவிடும். தயாரித்தவர் பெயர் அதில் இல்லை. மொத்தம் ஒரே பக்கம்தான். மேலே ஒரு பையின் படம்; உள்ளே 6 சிவப்புப் பந்துகளும் 4 நீலப் பந்துகளும். பார்க்காமல் ஒரு பந்தை எடுக்கிறோம். அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்றை எடுக்கிறோம். இரண்டும் ஒரே நிறமாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

கேள்விக்குக் கீழே மர வரைபடம் வரைந்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. முதல் எடுப்புக்கு இரண்டு கிளைகள், இரண்டாம் எடுப்புக்கு நான்கு கிளைகள், ஆக ஆறு காலிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ‘சுருக்கி எழுதுக’ என்று ஒரு குறிப்பு. பக்கத்தின் கடைசியில், ‘நான்கு முனைகளின் விடைகளையும் கூட்டிப் பார், 1 வந்தால் உன் மரம் சரி’ என்று ஒரு வரி.

இந்தத் தாளில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான்கு முனைகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. சிவப்பு–நீலம் ஒரு முனை, நீலம்–சிவப்பு வேறொரு முனை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து ஒன்றை விட்டுவிடும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. தாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கிளை வழியே போகும்போது பெருக்கு, முனைகளைச் சேர்க்கும்போது கூட்டு என்பதும் தெளிவாக இருக்கிறது. என் குறை இரண்டே இடத்தில்தான்: அந்தச் ‘சுருக்கி எழுதுக’விலும், கடைசி வரியிலும்.

முதலில் சரியான மரத்தைப் போட்டுப் பார்த்துவிடுவோம். பையில் 10 பந்துகள். முதலில் சிவப்பு வர 6/10, நீலம் வர 4/10. சிவப்பு வெளியே போய்விட்டால் பையில் மீதி 5 சிவப்பு, 4 நீலம், மொத்தம் 9. ஆகவே மேல் கிளையில் 5/9, 4/9. முதலில் நீலம் போயிருந்தால் மீதி 6 சிவப்பு, 3 நீலம். கீழ்க் கிளையில் 6/9, 3/9. பெருக்கினால் நான்கு முனைகளும் இப்படி வரும்:

சிவப்பு–சிவப்பு: 6/10 × 5/9 = 30/90
சிவப்பு–நீலம்: 6/10 × 4/9 = 24/90
நீலம்–சிவப்பு: 4/10 × 6/9 = 24/90
நீலம்–நீலம்: 4/10 × 3/9 = 12/90

ஒரே நிறம் என்றால் 30/90 + 12/90 = 42/90. இப்போது சுருக்கலாம்: 7/15.

இனி, தாள் சொல்கிறபடி முதல் கட்டத்திலேயே சுருக்கிப் பாருங்கள். 6/10 என்பது 3/5 ஆகிறது, 4/10 என்பது 2/5 ஆகிறது. பின்னமாகப் பார்த்தால் இதில் தவறே இல்லை. ஆனால் மாணவர் அடுத்த கட்டத்துக்குப் போகும்போது கண் முன்னால் இருப்பது 3/5. ‘ஒரு பந்து குறைஞ்சிடுச்சு’ என்று பாடம் சொல்லியிருக்கிறது. அவர் எதிலிருந்து ஒன்றைக் கழிப்பார்? 3இல் ஒன்று போனால் 2, 5இல் ஒன்று போனால் 4. கட்டத்தில் 2/4 என்று எழுதுகிறார். ‘ஏன் 2/4?’ என்று கேட்டால், ‘டீச்சர், திரும்பப் போடலதானே, மேலயும் ஒண்ணு கம்மி, கீழயும் ஒண்ணு கம்மி’ என்று பதில் வருகிறது. விதியை அவர் மறக்கவில்லை. விதியை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். எண்ணுவதற்கு அவருக்குப் பந்துதான் இல்லை. 6/10 என்று இருந்தபோது தொகுதியும் பகுதியும் பந்துகளின் எண்ணிக்கை. 3/5 ஆனதும் அது விகிதம் மட்டுமே. விகிதத்திலிருந்து ஒரு பந்தைக் கழிக்க முடியாது.

அவருடைய மரம் முழுவதும் இப்படி வருகிறது:

சிவப்பு–சிவப்பு: 3/5 × 2/4 = 6/20
சிவப்பு–நீலம்: 3/5 × 2/4 = 6/20
நீலம்–சிவப்பு: 2/5 × 3/4 = 6/20
நீலம்–நீலம்: 2/5 × 1/4 = 2/20

கூட்டிப் பாருங்கள். 20/20, அதாவது 1. தாளின் கடைசி வரிப்படி இந்த மரம் சரி! மாணவர் சந்தோஷமாக 8/20, அதாவது 2/5 என்று விடை எழுதிவிட்டுப் போகிறார்.

இது தற்செயல் இல்லை. அவர் போட்டிருப்பது உண்மையிலேயே ஒரு சரியான மரம்தான், வேறொரு பைக்கு. 3 சிவப்பு, 2 நீலம் உள்ள பைக்கு இதைவிடச் சரியான மரம் கிடையாது. அதனால்தான் மரத்துக்குள்ளேயே நின்று எந்தச் சோதனை செய்தாலும் தப்பு தெரியாது. ஒவ்வொரு ஜோடிக் கிளையும் 1 ஆகக் கூடும். நான்கு முனைகளும் 1 ஆகக் கூடும். சிவப்பு–நீலமும் நீலம்–சிவப்பும் சமமாகவே இருக்கும். பாதி பந்துகள் காணாமல் போயிருப்பது பைக்குத் திரும்பிப் போனால்தான் தெரியும்.

கடைசி வரியின் பலவீனம் இன்னொரு தப்பிலும் வெளிப்படுகிறது. ‘திரும்பப் போடாமல்’ என்ற சொல்லைக் கவனிக்காத மாணவர் இரண்டாம் கட்டத்திலும் 6/10, 4/10 என்றே எழுதுவார். 36/100, 24/100, 24/100, 16/100. மொத்தம் 1. மறுபடியும் ‘சரி’. கூட்டுத்தொகை 1 என்பது, எந்த வாய்ப்பும் விடுபடவில்லை, எந்தக் கிளையிலும் பின்னம் மிகவில்லை என்பதை மட்டுமே காட்டும். எந்தப் பையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அது சோதிப்பதில்லை.

மூன்றாவது ஒரு தப்பும் உண்டு. மரம் அச்சிட்டே கொடுக்கப்பட்டிருப்பதால் மேல் கிளையில் எழுதிய 5/9, 4/9 என்பதைக் கீழ்க் கிளையிலும் அப்படியே பார்த்து எழுதிவிடுவது. முதலில் போனது நீலம், குறைய வேண்டியது நீலம் என்பதை யோசிக்காமல் கை போய்விடுகிறது. இங்கேயும் கூட்டுத்தொகை 1 தான். ஆனால் இந்த ஒரு தப்பைப் பிடிக்க வழி இருக்கிறது. நீலம்–சிவப்பு 4/10 × 5/9 = 20/90 என்று வரும்; சிவப்பு–நீலம் 24/90. இரண்டு பந்து எடுக்கும்போது இந்த இரு முனைகளும் சமமாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் 6 × 4 என்று பெருக்கினாலும் 4 × 6 என்று பெருக்கினாலும் 24 தான். கடைசி வரியில் ஒரு சோதனை இருக்க வேண்டும் என்றால், கூட்டுத்தொகையோடு இதையும் சேர்க்கலாம். ஆனால் முதல் இரண்டு தப்புகளை இதுவும் விட்டுவிடும்.

திருத்தும் ஆசிரியருக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தக் கேள்விக்கு வரும் விடையே எந்தத் தப்பு என்று சொல்லிவிடும். 7/15 என்றால் சரி. 2/5 வந்தால், முன்கூட்டியே சுருக்கிவிட்டு ஒன்று கழித்திருக்கிறார். 13/25 வந்தால், பந்தைத் திரும்பப் போட்டுவிட்டார். 23/45 வந்தால், மேல் கிளையைப் பார்த்துக் கீழே எழுதியிருக்கிறார். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டால், மூன்று பேரும் எதையும் தெரிந்துகொள்ள மாட்டார்கள். 2/5 எழுதியவரிடம் ‘ஒரு பந்து குறையும்னு மறந்துட்டியா?’ என்று கேட்பது அநியாயம். அவர் மறக்கவே இல்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். தாளில் 5 சிவப்பு, 4 நீலம் என்று எண்கள் இருந்திருந்தால் முதல் கட்டத்தில் 5/9, 4/9 வந்திருக்கும், சுருக்கவே முடியாது. அப்போது சுருக்கச் சொன்னதன் கெடுதல் வெளியே தெரிந்திருக்காது. இரண்டாம் கட்டத்தில் 4/8ஐ 1/2 என்று சுருக்கினாலும் பாதகமில்லை, அதற்குப் பிறகு எடுப்பு இல்லை. ஆனால் மூன்றாவது பந்தும் எடுக்கச் சொன்னால் அங்கேயும் அதே பள்ளம் காத்திருக்கும். அதனால் 5, 4 எண்களில் நன்றாகச் செய்யும் மாணவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். 6, 4 கொடுத்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

தாளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். கிளைகளைச் சுருக்கச் சொல்லும் குறிப்பை நீக்கிவிட்டு, கடைசி விடைக்குப் பக்கத்தில் மட்டும் அதை வைக்கலாம். சுருக்காமல் விடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 90 என்பது 10 × 9, அதாவது இரண்டு பந்துகளை வரிசையாக எடுக்கும் மொத்த வழிகள். அதில் 30 வழிகளில் இரண்டும் சிவப்பு, 12 வழிகளில் இரண்டும் நீலம். மாணவர் மரத்தின் முனையில் பார்ப்பது வெறும் பின்னம் இல்லை, எண்ணிப் பார்க்கக்கூடிய ஜோடிகள்.

அடுத்தது, கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பின்னத்துக்கு முன்னால் பையை எழுதச் சொல்லலாம். தொடக்கத்தில் ‘6 சி, 4 நீ’. மேல் கிளையின் முடிவில் ‘5 சி, 4 நீ’. கீழ்க் கிளையின் முடிவில் ‘6 சி, 3 நீ’. இதை எழுதிவிட்டால் பகுதி 9 என்பது மனப்பாடமாக வராது, கூட்டிப் பார்த்து வரும். மேலே சொன்ன மூன்று தப்புகளுக்கும் இங்கே வழி அடைபடுகிறது. ‘5 சி, 4 நீ’ என்று எழுதிய கை 2/4 எழுதாது, 6/10ஐயும் திரும்ப எழுதாது.

கடைசியாக, அச்சிட்ட மரத்தை இரண்டாவது கேள்வியிலாவது எடுத்துவிடுங்கள். வரைந்து கொடுத்த மரத்தில் மாணவர் செய்யும் வேலை கட்டம் நிரப்புவது மட்டும்தான். எத்தனை கிளை, எங்கே பிரியும் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். பையில் ஒரே ஒரு நீலப் பந்தை வைத்து, வெற்றுத் தாளில் வரையச் சொல்லுங்கள். முதலில் நீலம் போய்விட்டால் அடுத்தது நீலம் என்ற கிளைக்கு என்ன ஆகும்? ‘0 சி’யா, ‘0 நீ’யா என்று பையை எழுதிப் பார்ப்பவர் அந்தக் கிளைக்கு 0 போடுவார், அல்லது அதை வரையாமலே விடுவார். இரண்டும் சரி. கட்டம் நிரப்பிப் பழகியவர் அங்கே பேனாவை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார்.